வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்துக்கு செவ்வாய்க்கிழமையே ஓடர் கொடுங்கள்

வீட்டில் வட்டிலப்பம் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒருவர் நட்டப்படுகிறார் என்றால், எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் விலைவாசிதான். முட்டை விலை ஏறிவிட்டது, தேங்காய் விலை ஏறிவிட்டது, கித்துள் கருப்பட்டி கையில் பிடிக்க முடியாத விலை என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விலை எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் ஏறுகிறது. ஒரே சந்தையில் ஒரே விலைக்கு வாங்கி, ஒரே விலைக்கு விற்கும் இரண்டு வீடுகளில் ஒரு வீடு நிலைத்து நிற்க, மற்றைய வீடு ஆறு மாதத்தில் அடுப்பை அணைத்து விடுவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எந்த நாளில் எவ்வளவு செய்வது என்பதில்தான் இருந்தது.

அக்குறணையில் பலசரக்குக் கடை நடத்துபவன் என்ற வகையில், வீட்டுத் தயாரிப்புகளை எனது கடைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்று வருகிறேன். எனக்கு வட்டிலப்பம் தருபவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு ராத்தா. அவருடைய கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர், விநியோகமும் அவர்தான். இந்த வீட்டின் வாராந்தக் கணக்கை வைத்தே இதனை எழுதுகிறேன். எழுதுவது வீட்டில் செய்பவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களிடம் வாங்கி விற்கும் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கும்தான். ஏனென்றால் அந்த வீட்டின் அடுப்பு எப்போது எரிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நமது தொலைபேசி அழைப்பு.

ஓடரின்படி செய்தால் என்ன நடக்கும்?

பெரும்பாலான வீடுகளில் உள்ள வழமை இதுதான். யாராவது கேட்டால் செய்வது, கேட்ட அளவு செய்வது. பார்ப்பதற்கு இது வீண்விரயம் இல்லாத முறை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாக இருக்கும்.

ராத்தாவின் ஸ்டீமரில் மூன்று தட்டுகள். ஒரு தட்டில் 8 கப் வீதம் ஒரு தடவைக்கு 24 கப் அவிக்கலாம். ஒரு வாரத்தில் ஐந்து நாட்களுக்கு 20, 35, 15, 25, 49 என ஓடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 144 கப். இதில் 20 கப்புக்கு ஒரு தடவை, 35க்கு இரண்டு தடவை, 15க்கு ஒரு தடவை, 25க்கு இரண்டு தடவை, 49க்கு மூன்று தடவை என ஒன்பது தடவை ஸ்டீமரை ஏற்ற வேண்டும். 25 கப் ஓடரிலும் 49 கப் ஓடரிலும் கடைசித் தடவை ஒரேயொரு கப்புக்காக அடுப்பு எரிகிறது. ஒரு கப் என்றாலும் 24 கப் என்றாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் காஸ் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்பது தடவையும் தட்டு நிரம்பச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்தால் 216 கப் வரும். கேட்டவை 144, மீதி 72 கப்புக்கு வாங்குவோர் இல்லை. ஆக, இந்த முறையில் ஒன்றில் காஸ் வீணாகிறது, அல்லது வட்டிலப்பம் வீணாகிறது. அதே 144 கப்பை 48 வீதம் மூன்று தொகுதிகளாகச் செய்தால் ஆறு தடவை அவித்தால் போதும். ஒரு இடமும் காலியாக இல்லை, ஒரு கப்பும் மேலதிகமாக இல்லை. ஐந்து நாள் தேங்காய் துருவி, ஐந்து நாள் பாத்திரம் கழுவி, ஐந்து நாள் வண்டி ஓடிய இடத்தில் மூன்று நாள் வேலை, இரண்டு நாள் விநியோகம்.

48 என்ற எண் எங்கிருந்து வந்தது?

தொகுதியின் அளவை நாம் விரும்பிய எண்ணாக வைக்க முடியாது. வாங்கும் பொருள் எந்த அளவில் வருகிறதோ, வீட்டிலுள்ள பாத்திரம் எவ்வளவு கொள்ளுமோ, அவற்றுக்குப் பொருந்தும் எண்ணாக அது இருக்க வேண்டும்.

முட்டை 30 கொண்ட தட்டாக வருகிறது. 30 முட்டைக்கு ஒன்றரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, ஒன்றரை லீற்றர் கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டியை உருக்க 300 மில்லிலீற்றர் அளவு தண்ணீர். இவையெல்லாம் சேர்ந்து வடித்த பின் ஏறக்குறைய 4 லீற்றர் கலவை கிடைக்கும். ஒரு கப்புக்கு 80 மில்லிலீற்றர் ஊற்றினால் 50 கப். அதில் 48 விற்பனைக்கு; மீதி இரண்டில் ஒன்று சுவை பார்க்க, மற்றொன்று வீட்டில் வைத்துக் கடைசி நாள் வரை கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க. 48 என்பது ஸ்டீமரில் சரியாக இரண்டு தடவை. ஒரு முட்டைத் தட்டு, இரண்டு அவித்தல், 48 கப். பாதி உடைத்த முட்டைத் தட்டும் இல்லை, பாதி நிரம்பிய ஸ்டீமரும் இல்லை.

தேங்காயின் கணக்கு மட்டும் காய்க்குக் காய் மாறும். நடுத்தரக் காயாக இருந்தால் ஒன்றரை லீற்றர் முதற்பாலுக்கு 8 முதல் 10 வரை தேவைப்படும். ராத்தா 9 என்று கணக்கு வைத்து, வாரத்துக்கு இரண்டு காய் மேலதிகமாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு காயையும் உடைத்தவுடன் ஒரு சிறு துண்டைக் கடித்துப் பார்த்த பின்பே துருவுகிறார். காறல் பிடித்த ஒரு காயின் துருவல் மற்றைய எட்டுடனும் கலந்துவிட்டால் 30 முட்டையும் ஒன்றரைக் கிலோ கருப்பட்டியும் அதனுடன் போய்விடும்.

காத்திருக்கும் பொருளும் காத்திருக்காத பொருளும்

அடுத்ததாகப் பொருட்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கருப்பட்டி ஈரம் படாமல் இருந்தால் மாதக்கணக்கில் இருக்கும். முட்டை வாரக்கணக்கில் இருக்கும். உரித்த தேங்காயும் உடைக்காதவரை வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் பிழிந்த தேங்காய்ப்பால் நமது வெப்பத்தில் சில மணித்தியாலங்களில் புளிக்கத் தொடங்கும். முட்டை சேர்த்த கலவை அதைவிட ஆபத்தானது.

ஆகவே முன்கூட்டியே செய்யக்கூடிய வேலையை முன்கூட்டியே செய்து, செய்யக்கூடாத வேலையை அவிக்கும் நேரத்துக்கு ஒட்டி வைக்க வேண்டும். கருப்பட்டியைச் சீவி, உருக்கி, மண்ணும் தும்பும் போக வடித்து, ஆறவிட்டுக் குளிரில் வைப்பது முதல்நாள் மாலை வேலை. எப்படியும் பாகு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான பாகில் முட்டையை ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். முதல்நாள் உருக்கி வைப்பதனால் காலையில் பாகு ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இப்படி முன்கூட்டி உருக்குபவர்கள் தண்ணீரில்தான் உருக்க வேண்டும். சிலர் இரண்டாம் பாலில் உருக்குவார்கள். உடனே பாவிப்பதென்றால் அது நல்லது. அடுத்த நாளுக்கு வைப்பதென்றால் அந்தப் பாகு புளித்துப் போகும். ராத்தா இரண்டாம் பாலை அன்றைய வீட்டுக் கறிக்கு எடுத்துவிடுகிறார்.

தேங்காய் துருவிப் பிழிவது அவிக்கும் நாள் காலையில். முட்டை அடித்துக் கலப்பது ஸ்டீமரில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது. முதல் 24 கப் அடுப்பில் இருக்கும்போது மீதிக் கலவை குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், மேசையில் அல்ல. சிறிய கப் என்பதால் மிதமான நெருப்பில் 25 முதல் 30 நிமிடங்கள் போதும். நேரத்தை மிச்சப்படுத்த நெருப்பைக் கூட்டினால் வட்டிலப்பம் தேன்கூடு போல ஓட்டை விழுந்து, அடுத்த நாள் கப்பின் அடியில் தண்ணீர் விட்டு நிற்கும். அப்படித் தண்ணீர் விட்ட கப்பை வாங்கிய வாடிக்கையாளர் பழைய சாமான் என்று நினைப்பார்.

இரண்டு தொகுதியை ஒரே நேரத்தில் கலந்தால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. 96 கப் என்றால் நான்கு தடவை அவிக்க வேண்டும். ஏற்றி இறக்குவதையும் சேர்த்தால் கடைசிக் கப் அடுப்பேறும்போது கலந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். அத்தனை கலவையையும் குளிரில் வைக்கச் சாதாரண வீட்டில் இடம் இருக்காது. ஒரு தொகுதி என்பது ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் அவித்து முடிக்கக்கூடிய அளவு என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுப்பு அல்ல, குளிர்சாதனப் பெட்டிதான் எல்லை

வீட்டில் செய்பவர்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் வாங்க நினைப்பது பெரிய ஸ்டீமர் அல்லது இரண்டாவது காஸ் அடுப்பு. பெரும்பாலும் அது தேவையற்ற செலவு. எவ்வளவு அவிக்கலாம் என்பது பிரச்சினை அல்ல. அவித்ததை எவ்வளவு விரைவாகக் குளிர வைக்கலாம் என்பதே பிரச்சினை.

48 கப் என்றால் 4 கிலோவுக்கும் மேற்பட்ட சூடான பண்டம். வீட்டுப் பெட்டி குளிர்ந்த சாமானைக் குளிராக வைத்திருக்கச் செய்யப்பட்டது; அத்தனை சூட்டை ஒரே நேரத்தில் இறக்கச் செய்யப்பட்டது அல்ல. இரண்டு தொகுதியைச் சேர்த்து உள்ளே தள்ளினால் அவையும் குளிராது, ஏற்கனவே உள்ளே இருந்தவையும் சூடேறும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்று மணித்தியாலம் கழித்து நடுவில் உள்ள கப்பைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் பெட்டிக்கு மிஞ்சிய சுமை. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி கோர்த்திருந்தாலும் அதே அர்த்தம்தான். அந்தத் துளி வட்டிலப்பத்தின் மேல் விழுந்த இடத்தில்தான் முதலில் பூஞ்சணம் தோன்றும். உள்ளே ஒரு சிறு வெப்பமானியை வைத்து, அது 5 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ராத்தா செய்வது இதுதான். இறக்கிய கப்களைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய அகலமான தட்டில் அரை மணித்தியாலம் நிறுத்தி, சூடு தணிந்ததும் பெட்டியின் மேல்தட்டில் வைக்கிறார். முதல்நாள் தொகுதி அதற்குக் கீழ்த்தட்டில் இருக்கும். மூடியை இறுக்கிப் போடுவதும் லேபல் ஒட்டுவதும் நன்றாகக் குளிர்ந்த பிறகு. ஒரு நாளைக்கு ஒரு தொகுதிதான் சூடாக உள்ளே போகும். அவர் பெட்டியின் இரண்டு தட்டுகள் 96 கப் கொள்ளும். ஆகவே இரண்டு தொகுதி சேர்ந்ததும் சாமான் வெளியே போயாக வேண்டும். விநியோக நாள் எங்கே விழ வேண்டும் என்பதை இதுவே தீர்மானித்துவிடுகிறது.

பின்னாலிருந்து எண்ணிய வாரம்

இனி வாரத்தை வகுக்கலாம். தொடங்க வேண்டியது சாமான் விற்கும் நாளிலிருந்து. எங்கள் பகுதியில் வட்டிலப்பம் அதிகம் போவது வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு. அதன் பின் சனியும் ஞாயிறும். குளிரில் வைத்த வட்டிலப்பத்துக்கு அவித்த நாளுக்குப் பின் 4 நாள் என்று திகதி போடுவது பாதுகாப்பானது.

வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன் 96 கப் கடைகளுக்குப் போக வேண்டும். அதற்கு வியாழன் காலையில் ஒரு தொகுதி அவிக்க வேண்டும். அது இரவு முழுவதும் குளிரும். அதற்கு முன் புதன் காலையில் ஒரு தொகுதி. இரண்டு தொகுதிக்கும் தேவையான கருப்பட்டியைச் செவ்வாய் மாலை உருக்க வேண்டும். அப்படியானால் பொருள் வாங்குவது செவ்வாய் பிற்பகல். ஆகவே வெள்ளிக்கிழமைக்கான ஓடர் செவ்வாய் நண்பகலுடன் முடிய வேண்டும். இது ராத்தாவின் பிடிவாதம் அல்ல. வெள்ளியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் யாருக்கும் இந்த நாள்தான் வரும்.

மூன்றாவது தொகுதி ஞாயிறு காலை அவித்துத் திங்கள் விநியோகம். அதன் ஓடர் சனி நண்பகலுடன் முடியும். சனி மாலை பாகு உருக்கப்படும். வாரத்துக்கு வேண்டிய 3 தட்டு முட்டை, நாலரைக் கிலோ கருப்பட்டி, 29 தேங்காய், 150 கப்பும் மூடியும் செவ்வாய்க்கிழமை ஒரே தடவையில் கொள்வனவு. சனிக்கிழமை ஓடர் போதாமல் இருந்தால் மூன்றாவது தொகுதியைச் செய்யாமல் விடலாம். முட்டையும் தேங்காயும் அடுத்த செவ்வாய் வரை காத்திருக்கும். செய்த வட்டிலப்பம் காத்திருக்காது. சந்தேகம் இருக்கும்போது பணம் பொருளாக இருக்கட்டும், பண்டமாக மாற வேண்டாம் என்பது இந்தத் தொழிலில் பெரிய விதி.

இதே விதி மின்வெட்டுக்கும் பொருந்தும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அவிப்பதற்கு முன் மின்சாரம் போனால் அடுப்பு மூட்டக் கூடாது. முழு முட்டையும் முழுத் தேங்காயும் அடுத்த நாளும் இருக்கும். ஏற்கனவே நன்றாகக் குளிர்ந்த கப்கள், கதவைத் திறக்காமல் இருந்தால், ஏறக்குறைய 4 மணித்தியாலம் தாங்கும். ஆனால் அப்போதுதான் சூடாக வைத்த தொகுதிக்கு அந்த அவகாசம் இல்லை.

திகதியின்படி பகிர்வதும் முக்கியம். வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறும் 96 கப்பில் பாதி புதன் அவித்தவை. அவற்றுக்கு ஞாயிறு வரை திகதி. மறுபாதிக்குத் திங்கள் வரை. பள்ளிவாசலுக்கு அருகில், ஜும்ஆ முடிந்ததும் விற்றுத் தீர்க்கும் கடைகளுக்குப் புதன் தொகுதியும், மெதுவாக விற்கும் கடைகளுக்கு வியாழன் தொகுதியும் போக வேண்டும். இந்த ஒரு ஒழுங்கே திரும்பி வரும் கப்களைப் பெருமளவு குறைத்துவிடும்.

பெருநாளும் பிறையும்

பெருநாள் ஓடரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நோன்பு 29ஆ 30ஆ என்பது பிறை பார்க்கும் இரவு வரை தெரியாது. பிறை அறிவித்த பின் அடுப்பு மூட்டினால், இரவோடிரவாக அவித்துச் சூட்டோடு கொடுக்க வேண்டி வரும்.

இதையும் பின்னாலிருந்து எண்ணினால் விடை கிடைக்கும். நோன்பு 27 காலையில் ஒரு தொகுதி, 28 காலையில் ஒரு தொகுதி, 29 அஸருக்கு முன் விநியோகம். நோன்பு 29 உடன் முடிந்தால் சாமான் நேரத்துக்குப் போய்விட்டது. 30 ஆகப் பூர்த்தி செய்யப்பட்டாலும், 27இல் அவித்த தொகுதிக்குப் பெருநாள் நான்காவது நாள். 28இல் அவித்ததற்கு மூன்றாவது நாள். இரண்டும் திகதிக்குள்தான். ஆனால் 26இலேயே ஒரு தொகுதி அவித்து வைத்தால் அது 30 நோன்புக் கணக்கில் பெருநாளைத் தாண்டாது. ஆகவே ராத்தாவின் பெருநாள் ஓடர் 96 கப்புடன் மூடப்படும். 97ஆவது ஆளுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் குளிராத பெட்டியில் 200 கப்பை அடைத்து, பெருநாள் காலையில் நாலு வீட்டில் வயிற்று வலி என்று பெயர் எடுத்தால் அந்தத் தொழில் அத்துடன் முடிந்துவிடும். கூடுதலாகச் செய்ய வேண்டுமானால் பெருநாளுக்கு முன் இன்னொரு குளிர்சாதனப் பெட்டிக்கு வழி பார்க்க வேண்டும், இன்னொரு அடுப்புக்கு அல்ல.

கடைக்காரர்களாகிய நாம் செய்ய வேண்டியது

மேலே சொன்ன அட்டவணை அத்தனையும் ஒரேயொரு தொலைபேசி அழைப்பில் குழம்பிப் போகும். வியாழன் மஃரிபுக்குப் பின் ஒரு முதலாளி அழைத்து, நாளைக்கு இன்னும் 30 கப் வேண்டும் என்பார். இல்லை என்றால் வேறு ஆளிடம் போய்விடுவாரோ என்ற பயத்தில் அந்த வீட்டில் இரவில் தேங்காய் துருவுவார்கள். அந்த 30 கப்புக்கு ஒரு முட்டைத் தட்டின் பெரும் பகுதி உடையும், ஸ்டீமர் இரண்டு தடவை ஏறும், இரண்டாவது தடவையில் 18 இடம் காலி. பெட்டியில் ஏற்கனவே 96 கப் இருக்கும் இடத்தில் இவை சூடாக உள்ளே போகும். கேட்டவர் 30 கப்பைத்தான் கேட்டார். கெடக்கூடியது 126 கப்.

இரண்டாவது விடயம், விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பி எடு என்ற நமது வழக்கம். ஒரு கப் செய்ய 140 ரூபா, கடைக்குக் கொடுப்பது 200 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 48 கப்பும் விற்றால் இலாபம் 2,880 ரூபா. ஐந்து கப் திரும்பி வந்தால் 43 கப்பின் இலாபம் 2,580. அதிலிருந்து ஐந்து கப்பின் செலவு 700 போக 1,880. பத்தில் ஒரு பங்கு திரும்பினால் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. நமக்கு அந்த ஐந்து கப்பால் ஒரு சதமும் நட்டமில்லை. அதனால்தான் நாம் எண்ணிப் பார்க்காமல் ஓடர் கொடுக்கிறோம்.

வெள்ளிக்கிழமை எவ்வளவு விற்கும் என்று செவ்வாயிலேயே எப்படித் தெரியும் என்று சக வியாபாரிகள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் கடைப்பிடிக்கும் வழி இது. கடந்த நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் எத்தனை கப் விற்றன என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அவை 14, 18, 13, 16 என்று இருந்தால், மிகக் குறைந்த 13 எனது நிரந்தர ஓடர். அதைத் திருப்புவதில்லை, விற்றாலும் விற்காவிட்டாலும் காசு கொடுக்கிறேன். அதற்கு மேல் மூன்று கப் கேட்பேன். திரும்பினால் அந்த மூன்றின் நட்டத்தை இருவரும் பாதி பாதியாக ஏற்கிறோம். ஊரில் கலியாணம், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது இருப்பது தெரிந்தால் செவ்வாய்க்கு முன்பே சொல்லி விடுகிறேன்.

எனக்கு இதனால் என்ன இலாபம் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை காலை சாமான் தவறாமல் வருகிறது, கப்பின் அடியில் தண்ணீர் நிற்பதில்லை, திகதி முடிந்த கப் எனது பெட்டியில் கிடப்பதில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கே முடிந்துவிடுகிறது, வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர் அடுத்த வாரம் நேரத்துடன் வருகிறார்.

வீட்டில் செய்பவர்கள் இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுவது பெரிய காரியம் அல்ல. ஆனால் ஓடர் முடியும் நாளையும் அந்தத் தாளில் எழுதி, அதன் பிரதி ஒன்றை ஒவ்வொரு கடைக்கும் கொடுக்க வேண்டும். அதை வாங்கும் கடைக்காரர்கள் தமது கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். வியாழன் இரவில் தொலைபேசியை எடுக்கக் கை போகும்போது அந்தத் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த 30 கப்பை அடுத்த செவ்வாய்க்கான ஓடரில் சேர்த்துவிடுங்கள்.